இலையை மடித்த பிறகு

வணக்கம். என் உடம்புக்கு நாளுக்கு 2000 கலோரி செலவாகிறது, 1500 சாப்பிடுகிறேன். ஞாயிறு மட்டும் கணக்குப் பார்க்காமல் சாப்பிடும் 'சீட் டே'. இரண்டு மாதமாக எடை குறையவில்லை. வரும் ஞாயிறு காரைக்குடியில் மச்சினி கல்யாணம். போகாமல் இருந்துவிடவா? போனால் திங்கட்கிழமை பட்டினி கிடக்கலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கல்யாணத்துக்குப் போங்கள். திங்கட்கிழமைப் பட்டினி வேண்டாம். விட்டது செவ்வாய் இரவு வட்டியோடு வரும். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவரென்றால் பட்டினி ஆபத்தும்கூட.

சென்ற வாரம்தான் என் ஆச்சியை நினைத்துக்கொண்டிருந்தேன். விசேஷ வீட்டில் கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அன்று காலையில் கஞ்சி மட்டும். இலையை மடித்துக் கைகழுவினால் ராத்திரி வரை எதையும் தொடமாட்டார். இடைப்பலகாரம் தட்டோடு வந்தாலும் "இன்னைக்குக் கணக்கு முடிஞ்சது" என்பார். உங்கள் ஞாயிற்றுக்கு மடிக்க இலை ஏது? காலையில் பூரி, மாலையில் சீயம், நடுராத்திரியில் அடுப்படியில் நின்றபடி டப்பாவிலிருந்து முறுக்கு. ஒரு வேளை விருந்து எழுந்தால் முடிந்துவிடும். ஒரு நாள் முழுவதையும் அவிழ்த்துவிட்டால் அதை எங்கே நிறுத்துவீர்கள்?

வாரத்துக்கு ஐந்தொகை போட்டுப் பாருங்கள். ஆறு நாளில் 500 வீதம் 3000 மிச்சம். ஞாயிறு 4000 போனால் அதில் 2000 கரைந்து 1000தான் நிற்கும். 5000 போனால் ஒன்றுமில்லை. இரண்டு மாதமாக எடை நிற்கிறதென்றால் ஞாயிறு இந்த அளவுக்குப் போகிறது, அல்லது மற்ற நாட்களில் எண்ணெய் கணக்கில் ஏறாமல் போகிறது. மேசைக்கரண்டி எண்ணெய் ஒன்றுக்கே 120 கலோரி. எழுதாமல் தின்றதை உடம்பு எழுதிக்கொள்ளும். இதில் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

இனி திட்டமிட்ட விருந்து. திங்கள் முதல் சனி வரை 1400 சாப்பிடுங்கள். தாளிப்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைத்தாலே அந்த 100 வந்துவிடும். ஆறு நாளில் 600 சேரும், ஞாயிற்றுக்கு 2100 கையில் இருக்கும். காலையில் 300, ராத்திரி 400, பந்திக்கு 1400. வாரத்துக்கு வரவேண்டிய 3500 மிச்சம் குறையாமல் நிற்கும். 1400க்குள் எல்லாவற்றையும் சாப்பிட முடியாது. வீட்டில் கிடைக்காததைத் தேர்ந்தெடுங்கள்: கவுனி அரிசி ஒரு கரண்டி, பணியாரம் இரண்டு, பிடித்த கறி. சாம்பார் சோற்றுக்கு அன்று இடமில்லை.

ஒரு விருந்தால் உடம்பு எரிக்கும் வேகம் ஏறும் என்று சொல்கிறவர்களை நம்பி மேலும் தின்னாதீர்கள். ஏறுவது சொற்பம்.

திங்கட்கிழமை எடைக் கருவியில் ஏறாதீர்கள். உப்பும் மாவுச்சத்தும் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் ஒரு கிலோ கூடிக் காட்டலாம். ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் ஏறக்குறைய 7700 கலோரி தின்றிருக்க வேண்டும். வியாழன் காலை ஏறுங்கள். கிளம்பும்போது பலகாரப் பெட்டியைக் கையில் திணிப்பார்கள். அதை வண்டியில் வரும் மற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.