221 சதுர அடி ஹாலுக்கு எத்தனை பெட்டி டைல்ஸ்?

கேள்வி: தோட்டத்து லயன் வீட்டை விட்டுவிட்டு இங்கே தாமானில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். தீபாவளிக்குள் ஹாலுக்கு டைல்ஸ் போட வேண்டும். ஹால் 13 அடிக்கு 17 அடி. பார்த்து வைத்தது 2 அடிக்கு 2 அடி டைல், பெட்டிக்கு 4. ஹார்ட்வேர் கடைத் தவுக்கே 15 பெட்டி போதும் என்கிறார். டைல்ஸ் போட வருகிற அண்ணன் 17 பெட்டி இல்லாமல் வேலையைத் தொடமாட்டேன் என்கிறார். மிச்சத்தை அவர் எடுத்துப் போவதற்காகச் சொல்கிறாரோ என்று என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். யார் கணக்கு சரி?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: டைல்ஸ்காரர் கணக்குதான் சரி. தவுக்கே உங்களை ஏமாற்றவில்லை. நிறையக் கடைகளில் போடுகிற அதே வாய்க்கணக்கைத்தான் அவரும் போட்டிருக்கிறார். 13ஐ 17ஆல் பெருக்கினால் 221 சதுர அடி. ஒரு பெட்டிக்கு 16 சதுர அடி என்று வைத்து வகுத்தால் 13.8. சேதாரத்துக்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் பதினாலரை, முழுசாக்கினால் 15 பெட்டி. கூட்டல் பெருக்கலில் தப்பு எதுவும் இல்லை. தப்பு அந்த 16இல் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 600 × 600 மில்லிமீட்டர், 4 துண்டு, 1.44 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். நிஜமான 2 அடி என்றால் 610 மில்லிமீட்டர். ‘2க்கு 2’ என்பது கூப்பிடுகிற பெயர்தான். 1.44 சதுர மீட்டர் என்பது பதினைந்தரை சதுர அடி, 16 இல்லை. பெட்டிக்கு அரை சதுர அடி குறைவதால் நூற்றுக்கு 3 பங்கு அங்கேயே போய்விடுகிறது. தவுக்கே சேதாரத்துக்கு என்று வைத்த 5இல் பாதிக்கு மேல், ஒரு டைல்கூட உடையாமலே கரைந்தாயிற்று.

அடுத்தது வரிசைக் கணக்கு. டைல்ஸ் போடுகிறவர்கள் மனதில் ஓடுவது சதுர அடி இல்லை, வரிசைதான். உங்கள் ஹாலின் அகலம் 13 அடி, அதாவது 3,962 மில்லிமீட்டர். ஒரு டைலுக்கு 600, இடைவெளிக்கு 2 என்று வைத்தால் குறுக்கே 6 முழு டைல் போய், சுவரோரம் 350 மில்லிமீட்டர் மிஞ்சும். அதற்கு ஏழாவது டைலை வெட்ட வேண்டும். வெட்டியதில் மிஞ்சுகிற துண்டு 250தான், அடுத்த வரிசையின் 350க்கு அது எட்டாது. ஆக ஒவ்வொரு வரிசைக்கும் புது டைல் ஒன்று பலி. நீளவாக்கில் 17 அடிக்கும் இதே கதை: 8 முழு டைல் போய் 366 மில்லிமீட்டர் மிஞ்சும், ஒன்பதாவதை வெட்ட வேண்டும். 7ஐ 9ஆல் பெருக்குங்கள், 63. வாசல் நிலைக்கு அடியில் போகிற துண்டுக்கு இன்னொன்று, மொத்தம் 64. சரியாக 16 பெட்டி. கடைக்காரர் சொன்ன 15 பெட்டியில் இருப்பது 60 டைல்தான்.

இந்த 64இல் ஒன்றுகூட உடையவில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். லாரியில் வரும்போதே ஒன்றிரண்டுக்கு மூலை பெயர்ந்திருக்கும், வெட்டும்போது ஒன்று விரிசல் விடும். பதினேழாவது பெட்டி அதற்குத்தான். இரண்டு டைல் அதில் போனாலும், மிச்சம் இரண்டு உங்களிடம் இருக்கும். அவற்றைப் பெட்டியின் லேபிளோடு பத்திரப்படுத்துங்கள். நாளைக்குத் தரைக்கடியில் பைப் ஒழுகி ஒரு டைலைப் பெயர்த்தால் வேறு எங்கும் அது கிடைக்காது.

ஒன்றிரண்டு குறைந்தால் அப்புறம் போய் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். லேபிளில் ஷேட் எண், பேட்ச் எண் என்று இருக்கும். ஒரே பெயர், ஒரே டிசைன் என்றாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும், அளவுகூட ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். தனியாகக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் பதித்து, ஜன்னல் வெளிச்சம் விழும்போது கோடு போட்டதுபோல் தெரியும். ஆகவே 17 பெட்டியையும் ஒரே நாளில் எடுங்கள். லாரியிலிருந்து இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒருவர் நின்று பார்க்கட்டும். ஒட்டிய பிறகு கடையில் போய்ச் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரரின் சந்தேகத்துக்கு வருவோம். மிச்சத்தை எடுத்துப் போகிறவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “அண்ணே, எந்தப் பக்கத்திலிருந்து முழு டைல் ஆரம்பிப்பீங்க, குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை?” ஏழு, ஒன்பது என்று உடனே பதில் வந்தால் அவர் அளந்து பார்த்துதான் சொல்லியிருக்கிறார். “எப்பவும் இவ்வளவு வாங்குவோம்” என்று மழுப்பினால் நீங்களே டேப்பை எடுங்கள். பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்காது. அகலத்தை மூன்று இடத்தில் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் அளந்தால் வகுப்பதும் சுலபம்.

வெட்டி மிஞ்சுகிற துண்டு வீண் என்றும் நினைக்க வேண்டாம். சுவரடியில் 4 அங்குல ஸ்கர்ட்டிங் போடுவதாக இருந்தால் 250 மில்லிமீட்டர் துண்டிலும் 234 மில்லிமீட்டர் துண்டிலும் இரண்டிரண்டு பட்டை வரும். அகல ஓரத்தில் 8 துண்டு, நீள ஓரத்தில் 6 துண்டு, மொத்தம் 28 பட்டை. சுற்றளவு 60 அடியில் வாசலும் சமையலறை வழியுமாக 7 அடி போனால் உங்களுக்கு வேண்டியது 27. ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாகப் பெட்டி எடுக்கச் சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு குறை உண்டு: இரண்டாவது பட்டையின் இரு விளிம்பும் வெட்டியதாகவே இருக்கும், டைலின் உள்நிறம் தெரியும். மேல் விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு நேராகப் பதிப்பதற்கு மட்டும். வைர வடிவில் சாய்த்துப் போடுவதென்றால் நாலு சுவரோரமும் முக்கோணமாக வெட்ட வேண்டும், சேதாரம் நூற்றுக்கு 15 வரை போகும். சின்ன ஹாலுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

காசு கொடுப்பதற்கு முன்னால் தவுக்கேயிடம் ஒன்று கேளுங்கள்: பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா, எத்தனை நாளுக்குள்? ஒத்துக்கொண்டால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுதான பொருளுக்குத்தான் துணை வரும். அதிகமாக வாங்கிவிட்டேன் என்பதற்கு வராது. பதினேழாவது பெட்டியை டைல்ஸ்காரர் கடைசியில், உங்களைக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.