‘எதுவும் ஓகே’ என்கிறார்கள், நான் எதை உடுத்துவது?

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து ஐந்து மாதம் ஆகிறது. டிசம்பரில் எங்கள் ஆபீஸின் வருஷக் கடைசி பார்ட்டி, காலி முகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டலில், ராத்திரி ஏழரைக்கு. அழைப்பில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று மட்டும் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் ‘எதுவும் ஓகே’ என்கிறார்கள். வந்த புதிதில் ஒரு மதிய விருந்துக்குப் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் போய் நின்றேன், மற்ற எல்லாரும் ஜீன்ஸ். ‘கல்யாண வீட்டிலிருந்தா வாறீங்கள்?’ என்று ஒருவர் கேட்டார். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இந்த முறை காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

— மதுரைப் பெண், வெள்ளவத்தை

அன்புத் தங்கச்சி,

காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம். சொன்னால் அன்றிரவு நிம்மதியாக இருக்கும், ஆனால் அடுத்த அழைப்பு வரும்போது பயம் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், ஏனென்றால் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்க மனதுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

முதலில் அந்த மதிய விருந்து. நீங்கள் சாரி உடுத்ததில் பிழை இல்லை. கொழும்பில் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் எத்தனையோ பெண்கள் தினமும் சாரியில்தான் வேலைக்குப் போகிறார்கள். பட்டு, சரிகை, பூ மூன்றும் சேர்ந்தால் இங்கேயும் அது கல்யாண உடுப்பு, அதுவும் பகல் நேரம். அவ்வளவுதான். ‘நான் இந்த ஊருக்குச் சரிவராதவள்’ என்று நீங்கள் அதை எடுத்துக்கொண்டீர்கள், அங்கேதான் வலி.

‘எதுவும் ஓகே’ என்பவர்கள் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம், விதியாக எடுத்துச் சொல்லத் தெரியாது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். ‘என்ன போடலாம்?’ என்று கேட்காமல், உங்கள் வயதும் பதவியும் ஒத்த ஒருத்தியிடம் ‘நீங்கள் என்ன போடப் போறீங்கள்? போன வருஷப் படம் இருந்தால் காட்டுங்கோ’ என்று கேளுங்கள். படம் கிடைத்தால் மேடையில் நிற்கும் மேலதிகாரியை விட்டுவிட்டு, பின்னால் கூட்டமாக நிற்பவர்களைப் பாருங்கள், குறிப்பாகச் செருப்பை. தட்டைச் செருப்பு அதிகமா, ஹீல்ஸ் அதிகமா என்பதே பார்ட்டி எந்த அளவுக்கு என்று சொல்லிவிடும். நிறத்துக்கு ஏதாவது தீம் உண்டா என்பதை மட்டும் ஏற்பாடு செய்பவர்களிடம் கேட்டால் போதும்.

இங்கே ராத்திரி ஹோட்டல் பார்ட்டிக்கு ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் பெரும்பாலும் முழங்கால் வரை ஃப்ராக், நல்ல டாப்போடு பேண்ட், அல்லது பாரமில்லாத சாரி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் சரிகை இல்லாத ஒரே நிறக் கைத்தறிச் சாரியைத்தான் எடுப்பேன். பகட்டாக்கவும் எளிமையாக்கவும் இடம் கொடுக்கிற உடுப்பு அது. நீளத் தோடு ஒரு சோடி கைப்பையில் இருக்கட்டும், எல்லாரும் மினுங்கினால் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் பையிலேயே கிடக்கும். பூ வேண்டாம். ஹால் ஏசியில் குளிரும், ஒரு சால்வை கொண்டுபோங்கள். சாப்பாடு முடிய பைலா பாட்டும் ஆட்டமும் தொடங்கிவிடும், உங்களையும் கையைப் பிடித்து இழுப்பார்கள், அதனால் இரண்டு நாள் முன்பே அந்தச் சாரியையும் செருப்பையும் போட்டு வீட்டில் பத்து நிமிஷம் ஆடிப் பாருங்கள். அவிழும் இடம் எது என்று தெரிந்துவிடும், அங்கே ஒரு ஊசி.

இன்னொரு விஷயம். 2000ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் கூட இருந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெட்கப்படும்படியான படம் போட்ட டீஷர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான். ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, ஒருவர் பார்த்துச் சொல்லியும் விட்டாரே. ஆனால் அந்த ஒருவரின் குரலைத்தான் மொத்த ஹாலின் குரலாக இத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பார்ட்டியில் முதல் இருபது நிமிஷம்தான் கஷ்டம். நுழைந்ததும் கண் தானாக மற்றவர்களின் உடுப்பை எண்ணத் தொடங்கும், அப்புறம் முந்தானையை இழுத்துவிடுவது, பாத்ரூம் கண்ணாடிக்கு ஓடுவது. அதைச் செய்யச் செய்ய உங்கள் கவனம் உங்கள் மேலேயே நிற்கும், எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாது. தனியாக நுழையாமல், படம் காட்டிய அந்தத் தோழியோடு சேர்ந்து போங்கள். அவளிடம் நத்தாருக்கு எந்த ஊருக்குப் போகிறாள், வீட்டில் யார் யார் என்று கதைகேளுங்கள், பதில் நினைவில் நிற்கும் அளவுக்குக் காதுகொடுத்துக் கேளுங்கள். யாராவது உடுப்பைப் பற்றிச் சொன்னால் மன்னிப்புக் கேட்காதீர்கள். ‘ஓம், எனக்குப் பிடிச்ச சாரி’ என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள்.

இதையெல்லாம் செய்தும் பல நாள் முன்பிருந்தே தூக்கம் போகிறது, வாந்தி வருகிறது, ஆபீஸ் கூட்டங்களுக்கே போகப் பயமாயிருக்கிறது என்றால் அது உடுப்புப் பிரச்சினை இல்லை. 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். அல்லது என்னிடம் நேரில் வாருங்கள். பார்ட்டி முடிந்த மறுநாள், எத்தனை பேர் உண்மையிலேயே உடுப்பைப் பற்றிச் சொன்னார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.