மீனா, மீடியனா, மோடா: எதை எப்ப எடுக்கணும்?

"மீன், மீடியன், மோடு மூணும் கண்டுபிடிக்கத் தெரியும், ஆனா எந்த டேட்டாவுக்கு எதை எடுக்கணும்னு கேட்டா முழிக்கிறேன். ரேஞ்ச், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எல்லாம் வேற இருக்கு. எப்படி முடிவு பண்றது?"

ஃபார்முலாவ ஓரமா வச்சிட்டு முதல்ல டேட்டாவ ஏறுவரிசைல எழுதிப் பாருங்க, பாதி முடிவு அங்கயே தெரிஞ்சிடும். ஒரு கணக்குத் தாள முடிக்க ஒன்பது பேருக்கு ஆன நிமிஷம்னு வச்சுக்குவோம்: 10, 12, 12, 14, 15, 16, 18, 20, 90.

கூட்டினா 207, ஒன்பதால வகுத்தா மீன் 23. நடுவுல இருக்கற அஞ்சாவது எண் 15, அதான் மீடியன். ரெண்டு தடவ வர்றது 12 மட்டும்தான், அது மோடு. இப்ப அந்த 23-ஐ கொஞ்சம் உத்துப் பாருங்க, ஒன்பது பேர்ல எட்டு பேர் அதுக்குக் கம்மியான நேரத்துலதான் முடிச்சிருக்காங்க, 23-க்குப் பக்கத்துல கூட ஒருத்தரும் இல்ல (கிட்டக்க இருக்கறதே 20 தான்). அந்த ஒரே ஒரு 90 சராசரிய மேல இழுத்துட்டுப் போயிடுச்சு.

சரி, அந்த 90 தப்பா எழுதினது, நிஜத்துல அது 18-னு தெரிய வருதுன்னு வைங்க. மொத்தம் 135 ஆகுது, மீன் 23-லேர்ந்து 15-க்கு எறங்கிடுது. மீடியன் அசையவே இல்ல, அப்பவும் 15. ஏன்னா மீடியனுக்கு வரிசைல யார் எந்த எடத்துல நிக்கிறாங்கங்கறது மட்டும்தான் கணக்கு, கடைசில நிக்கறவர் எவ்வளவு தூரம் தள்ளி நிக்கறார்ங்கறது அதுக்குத் தேவையே இல்ல. மோடு என்ன ஆச்சு பாருங்க, இப்ப 12, 18 ரெண்டுமே மோடு! ஒரு எண் மாறினதுக்கே இப்படி ஆடுறதால சின்ன எண் டேட்டாவுல மோட நான் பெருசா நம்பறதில்ல. பிடிச்ச நிறம், ரத்த வகை மாதிரி கூட்டவும் முடியாத வரிசைப்படுத்தவும் முடியாத விஷயத்துக்கு மோடு மட்டும்தான் வேலைக்கு ஆகும், அதோட நிஜமான எடம் அதுதான்.

இப்ப சிதறல். நடு அளவு எதுன்னு முடிவு பண்ணிட்டா சிதறல் அளவு தானா வந்து ஜோடி சேரும், மீன் எடுத்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷன், மீடியன் எடுத்தா ஐக்யூஆர், அதாவது மூணாம் கால்மானத்துலேர்ந்து முதல் கால்மானத்தக் கழிச்சது. நம்ம டேட்டாவுல மீடியனுக்கு கீழ இருக்கற நாலு எண்ணோட நடு 12, மேல இருக்கற நாலோட நடு 19, ஐக்யூஆர் 7. 90-ஐ 18-ஆ மாத்தினா அது 6 ஆகுது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கிட்டத்தட்ட 23.9-லேர்ந்து 3.1-க்கு விழுந்துடும். காரணம் வர்க்கம்தான். 90-க்கும் மீனுக்கும் உள்ள தூரம் 67, அத வர்க்கம் பண்ணா 4489, ஒன்பது பேரோட மொத்த வர்க்கக் கூட்டலே 5128 தான், ஆக எட்டுல ஏழு பங்கு அந்த ஒருத்தரோடது. ரேஞ்ச் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, ரெண்டு ஓரத்த மட்டும் பாக்கும், இங்க 80, மாத்தினா 10.

90 தள்ளி நிக்குதான்னு கண்ணால மட்டும் சொல்ல வேணாம், மூணாம் கால்மானத்தோட ஐக்யூஆர்-ல ஒன்றரை மடங்கக் கூட்டுங்க: 19 + 10.5 = 29.5. அதத் தாண்டினா அவுட்லையர்னு சந்தேகப்படலாம். சந்தேகம்தான், உடனே அடிச்சுத் தூக்கிடாதீங்க, ஒருத்தர் நிஜமாவே மாட்டிக்கிட்டு 90 நிமிஷம் ஒக்காந்திருக்கலாம்.

"அவுட்லையர் இருந்தா மீடியன்"னு மனப்பாடம் பண்றவங்க இங்கதான் கோட்டை விடுறாங்க. கேள்வி என்னன்னும் பாக்கணும். "ஒரு சாதாரண மாணவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"னா மீடியன் 15. "இதே மாதிரி தொண்ணூறு பேர் எழுதினா எல்லாருக்கும் சேத்து மொத்தம் எத்தன நிமிஷம் ஆகும்?"னா 90 நிஜமான எண்ணா இருக்கற பட்சத்துல 23-ஐத்தான் பெருக்கணும், 2070. அங்க மீடியனப் போட்டா 1350-னு வரும், ரொம்பக் கம்மி. மொத்தத்தோட சம்பந்தப்பட்ட கேள்வினா டேட்டா எவ்வளவு கோணலா இருந்தாலும் மீன்தான். டேட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவி மீனும் மீடியனும் பக்கத்துல பக்கத்துல வந்தா கவலையே இல்ல, மீனும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் போட்டுட்டுப் போய்ட்டே இருங்க.

ஒண்ணு மட்டும், கால்குலேட்டர்ல 23.9-க்குப் பதிலா 25.3-னு வந்தா பயப்படாதீங்க, அது ஒன்பதுக்குப் பதிலா எட்டால வகுத்த sx. கையில இருக்கற ஒன்பது பேர் மட்டும்தான் முழு டேட்டானா பாக்க வேண்டியது σx.