கேம்பஸ் தேர்வு: இருபது பேர் வேண்டுமென்றால் எத்தனை கல்லூரிக்குப் போக வேண்டும்?

புதிய பட்டதாரிகளைக் கல்லூரிக்கே போய்த் தேர்ந்தெடுப்பது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. பெரும்பாலும் நடுத்தர நிறுவனங்களிலிருந்து, அதிலும் முதல் முறையாகக் கேம்பஸுக்குப் போகிறவர்களிடமிருந்து. அவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையில் 150 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. 2027 ஜூலையில் 20 புதியவர்கள் வேண்டும். எத்தனை கல்லூரிக்குப் போகலாம்?

கல்லூரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஜூலையில் வந்து உட்காரப் போகும் அந்த 20 பேரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

பெயர் பரவலாகத் தெரியாத நிறுவனம் பத்துப் பேருக்கு ஆஃபர் கொடுத்தால் ஏழு பேர் வந்து சேர்வார்கள் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படியானால் 29 ஆஃபர். டெக்னிக்கல் நேர்காணலில் நான்கு பேருக்கு ஒருவர் தேறுவார் என்றால் சுமார் 115 நேர்காணல். எழுத்துத் தேர்விலும் நாலில் ஒருவர்தான் மேலே வருவார், ஆக 460 பேர் தேர்வு எழுத வேண்டும். பெயர் கொடுத்த ஐந்து பேரில் நால்வர்தான் அன்று வருவார்கள். அதனால் 575 பதிவுகள். ஒரு நடுத்தரக் கல்லூரியில் கணினி, ஐ.டி., இ.சி.இ. மூன்றும் சேர்ந்து, உங்கள் தகுதி வரம்புக்குள் 150 பேர் வரை கிடைக்கலாம். நான்கு கல்லூரி என்று கணக்கு சொல்கிறது.

ஆனால் 20 இடத்துக்கு 29 ஆஃபரை ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படித்தான் செய்தோம். அந்த வருஷம் வெளியே வேலைச் சந்தை சுருங்கிவிட்டது. ஆஃபர் வாங்கிய கிட்டத்தட்ட எல்லோரும் சேரத் தயாராக நின்றார்கள். எங்களிடம் அத்தனை இடம் இல்லை. சேரும் தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டோம். வேறு வாய்ப்புகளை விட்டுவிட்டு எங்களை நம்பி வீட்டில் காத்திருந்த பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேச வேண்டிய வேலை எனக்கு வந்தது. மறுபடி அப்படி ஒரு நிலைக்கு நான் போக மாட்டேன்.

இப்போது நான் சொல்வது இரண்டு கட்டம். செப்டம்பரில் 22 ஆஃபர். அதில் 15 பேர் வருவார்கள். மீதி ஐந்து பேருக்கு ஜனவரியில் ஒரே ஒரு கல்லூரியில் சின்னதாக இன்னொரு தேர்வு. அப்போது எட்டாவது செமஸ்டர் தொடங்கியிருக்கும், புராஜெக்ட் நேரம். தேர்வானவர்களை உடனே இன்டர்ன்ஷிப்பில் உட்கார வைத்துவிடலாம். ஐந்து மாதம் உங்களோடு இருந்து பழகியவர்கள் ஜூலையில் காணாமல் போவது அரிது. செப்டம்பரில் எத்தனை பேர் கைநழுவினார்கள் என்று பார்த்து ஜனவரி எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். இந்த வழியில் முதல் கட்டத்துக்கு 88 நேர்காணல், சுமார் 440 பதிவு, மூன்று கல்லூரியே போதும்.

எந்தக் கல்லூரி என்று எப்படி முடிவு செய்வது? தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால் போதுமா?

முதல் பத்து இடத்தில் இருக்கும் கல்லூரிகளுக்கு உங்களைவிட இரண்டு மடங்கு சம்பளம் தருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். அங்கே போய் ஆஃபர் கொடுத்தால், வேறு எதுவும் கிடைக்காவிட்டால் வைத்துக்கொள்ளும் சீட்டாகத்தான் அது அவர்கள் பையில் இருக்கும்.

நம்மூரில் இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது, ஹெச்.ஆர். ஆட்கள் அதிகம் தொடுவதில்லை. அது பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு வரும் அந்த எண், கல்லூரிவாரியாகவும் பாடப்பிரிவுவாரியாகவும் சமூகப் பிரிவுவாரியாகவும் வெளியிடப்படுகிறது. கல்லூரியின் பொதுவான பெயரை விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டிய பாடப்பிரிவின் எண்ணை மட்டும் பாருங்கள். ஒரே வளாகத்தில் கணினிப் பிரிவும் வேறொரு பிரிவும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது அப்போது தெரியும். இன்னொன்று, இந்த வருஷக் கட்-ஆஃப் உங்களுக்கு உதவாது. 2027இல் படிப்பு முடிப்பவர்கள் 2023 கலந்தாய்வில் சேர்ந்தவர்கள், அந்த வருஷத்து எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. சிறுபான்மையினர் அல்லாத தனியார் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள்தான் கலந்தாய்வுக்கு வருகின்றன, மீதி நிர்வாக ஒதுக்கீடு. சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதிக்குப் பாதி. ஆகவே கட்-ஆஃப் வகுப்பில் ஒரு பகுதியைத்தான் காட்டும். அதை வைத்து ஆறேழு கல்லூரிகளாகச் சுருக்கிக்கொண்டு, அப்புறம் உங்கள் நிறுவனத்திலேயே நன்றாக வேலை செய்கிற, மூன்று வருஷத்துக்கு மேல் தங்கியிருக்கிற இளைஞர்கள் எங்கே படித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் வரும் கல்லூரிக்கு முதலில் போங்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் என்று எல்லோரும் வைக்கிறார்கள். நாங்களும் வைக்கலாமா?

அப்படியே எடுத்து வைத்தால் இந்த வருஷம் மாட்டிக்கொள்வீர்கள். 2021இல் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. கொரோனாவால் எல்லோருக்கும் தேர்ச்சி, சான்றிதழில் மதிப்பெண் கிடையாது. அந்தப் பிள்ளைகள்தான் 2023இல் பிளஸ் டூ முடித்து, 2027இல் பொறியாளராக வெளியே வருகிறார்கள். உங்கள் பதிவுப் படிவம் பத்தாம் வகுப்புக்கு ஒரு எண் கேட்டால் சிலர் பூஜ்யம் போடுவார்கள், சிலர் 100 போடுவார்கள், சிலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள்.

சிஜிபிஏ விஷயத்திலும் கவனம் தேவை. தன்னாட்சி பெறாத கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொதுவான வினாத்தாளை எழுதுகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் எடுத்து, தாங்களே திருத்துகின்றன. இங்கே 7.2 வாங்கியவரும் அங்கே 8.2 வாங்கியவரும் ஒரே அளவில் இருக்கலாம். நான் 6.5 என்று தாழ்வாக ஒரு கோடு போட்டுவிட்டு, வடிகட்டும் வேலையை எழுத்துத் தேர்விடம் விட்டுவிடுவேன்.

அரியரில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னும் எழுதி முடிக்காத அரியர் இருந்தால் வேண்டாம் என்பது நியாயம், ஜூலையில் பட்டம் கையில் இருக்காது. முன்பு விழுந்து பிறகு எழுந்தவரையும் வேண்டாம் என்பது, முதல் வருஷத்தில் தமிழ் வழியிலிருந்து வந்து தடுமாறிய பிள்ளைகளைத்தான் அதிகம் வெளியேற்றும். நான் அதைச் செய்வதில்லை.

மூன்று கல்லூரியிலும் அடுத்தடுத்த வாரங்களில் தேர்வு வைத்தோம். மூன்றாவது கல்லூரியில் மதிப்பெண் வானத்துக்குப் போய்விட்டது. நேர்காணலில் ஒன்றும் தேறவில்லை. ஏன்?

கேள்விகள் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டன. முதல் கல்லூரியில் தேர்வு முடிந்த சாயங்காலமே நினைவிலிருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள். அதற்கான அடையாளம் இதுதான்: மதிப்பெண் ஏறியிருக்கும், தேர்வை முடிக்க எடுத்த நேரம் குறைந்திருக்கும். மூன்று கல்லூரிக்கும் ஒரே நாள், ஒரே நேரம் தேர்வு வையுங்கள். முடியாவிட்டால் தனித்தனி வினாத்தாள். நேர்காணலை, தேர்வில் அவரே எழுதிய ஒரு நிரலைத் திரையில் காட்டி, "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று தொடங்குங்கள். மனப்பாடம் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நேர்காணல் எடுப்பவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். இருவர் கொண்ட குழு ஒரு நாளில் 12 பேரைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். ஒரு கல்லூரியில் 30 பேர் என்றால் மூன்று குழு, ஆறு பொறியாளர்கள். இரண்டு பேரை மட்டும் அனுப்பி 30 பேரையும் பார்க்கச் சொன்னால் மதியத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு அநியாயம் நடக்கும்.

செப்டம்பரில் தேர்வான மாணவர்களைக் கல்லூரியே டிசம்பரில் வேறு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது. இது சரியா?

விதி எழுத்தில் இருந்ததா என்று பாருங்கள். பல கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர்தான். ஆனால் சம்பளம் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ கூடுதல் என்றால் இன்னொரு நிறுவனத்துக்கும் போகலாம் என்று விலக்கு வைத்திருப்பார்கள். தேதி குறிக்கும் முன்பே பிளேஸ்மென்ட் ஆபிசரிடம் அந்த விதியை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

இரண்டு வருஷப் பாண்டு போட்டு, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் ஓடமாட்டார்கள் அல்லவா?

அசல் சான்றிதழை வாங்கவே வாங்காதீர்கள். பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். பிள்ளையின் நான்கு வருஷ உழைப்பைப் பிணையாக வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமையில்லை.

பாண்டு விஷயத்தில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் மூன்று வருஷம் முடியும் முன் விலகுபவர் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று சொன்னது. அதைக் காட்டிப் பலர் பாண்டு எழுதுகிறார்கள். அது பொதுத்துறை வங்கி, ஒரு இடத்தை நிரப்பப் பொது அறிவிப்பு, போட்டித் தேர்வு என்று பெரிய நடைமுறை இருக்கிறது என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. மாதம் 28,000 வாங்கும் புதியவரிடம் நீங்கள் கொடுக்காத பயிற்சிக்கு 2 லட்சம் கேட்டால் அதே தீர்ப்பு உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். உண்மையிலேயே வெளிப் பயிற்சிக்குப் பணம் செலவழித்தால் அந்தத் தொகையை மட்டும், மாதாமாதம் குறையும்படி எழுதுங்கள்.

நான் ஒரு கல்லூரியின் பிளேஸ்மென்ட் ஆபிசர். 4.2 லட்சம் என்று சொல்லி எடுத்தார்கள். கையில் 27,500தான் வரும் என்று பிறகு தெரிந்து மாணவர்கள் கொதிக்கிறார்கள்.

மாணவர் 4.2 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 35,000 என்று வீட்டில் சொல்லியிருப்பார். நிறுவனத்தின் கணக்கு வேறு. ஒரு மாதிரிக்குப் பார்ப்போம். வருஷக் கடைசியில் கிடைக்கலாம் என்ற ஊக்கத்தொகை 30,000, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 21,600, கிராஜுவிட்டி 10,100, மருத்துவக் காப்பீடு 6,300. இவற்றைக் கழித்தால் 3,52,000, மாதம் 29,333. அதில் மாணவரின் சொந்தப் பி.எஃப். 1,800 போனால் கையில் 27,500 சொச்சம். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் யாரும் சொல்லவும் இல்லை. தேர்வு நாளன்று காலையில் நிறுவனம் பேசும்போதே, மாதம் கையில் எவ்வளவு என்ற எண்ணைத் திரையில் போடச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும். நிறுவனங்களுக்கும் இதையே சொல்கிறேன். அந்த எண்ணைப் பார்த்து எழுந்து போகிறவர் எப்படியும் ஜூலையில் வரப்போவதில்லை.

ஆஃபர் கடிதத்தில் சேரும் தேதி, ஊர், கடைசி செமஸ்டர் முடிவு தாமதமானால் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். செப்டம்பரிலிருந்து ஜூலை வரை பத்து மாதம். இடையில் ஹெச்.ஆர். மட்டும் பேசினால் போதாது. மாணவர் சேரப்போகும் குழுவிலிருந்து ஒருவர் மாதம் ஒரு முறை கூப்பிட வேண்டும். ஏப்ரலில் ஆவணங்களை ஏற்றச் சொல்லி இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லையென்றால், அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். வரவில்லை என்று சொல்வதில் குற்றமில்லை என்று தெரிந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், அந்த இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்குக் கொடுக்க இரண்டு மாதம் மிச்சமிருக்கும்.