டேட்டா இருந்தால் கோப்பு போகாதது ஏன்? கேள்வி பதில்

கோத்தகிரி, திருமணப் புகைப்படக்காரர்: இணைய இணைப்பில்லாத பழைய ரவுட்டரில் லேப்டாப்பையும் ஆண்ட்ராய்டு போனையும் சேர்த்திருக்கிறேன். கோப்புகளை எடுக்க, போனின் பிரவுசரில் லேப்டாப்பின் முகவரியான http://192.168.0.10:8000 என்று தட்டினால் திறப்பதில்லை. டேட்டாவை அணைத்தால் உடனே திறக்கிறது.

வைஃபையில் சேர்ந்ததும் போன் இணையத்திலுள்ள ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கிறது. பதில் வந்தால்தான் வைஃபையைத் தன் முதன்மை வழியாக வைத்துக்கொள்ளும். உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் இணையம் இல்லாததால் பதில் வராது, வைஃபை குறி தெரிந்தாலும் முதன்மை வழி சிம்மாகவே இருக்கும். பிரவுசர் எந்த வழி என்று தனியாகக் கேட்பதில்லை, எனவே 192.168.0.10-க்கான கோரிக்கையும் செல்போன் கோபுரத்துக்கே போகிறது. அந்த முகவரிக்கு உங்கள் அறைக்கு வெளியே பொருளில்லாததால் அது அங்கேயே கைவிடப்படுகிறது. நெடுநேரம் சுற்றியபின் ERR_CONNECTION_TIMED_OUT வருகிறது.

“இணையம் இல்லை, தொடரவா?” என்று போன் கேட்கும்போது ஆம் என்றால், வைஃபை முதன்மை வழியாகும். ஆனால் “மீண்டும் கேட்காதே” என்பதில் குறியிடாதீர்கள். பிறகு அந்த ரவுட்டரில் சேரும்போதெல்லாம் கேட்காமலே வைஃபை முதன்மை வழியாகி, வாட்ஸ்அப் செய்தி வராமல் நிற்கும்.

ஊட்டி, கணினி ஆசிரியர்: இரு கருவிகளும் ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே உள்ளூர் வலையில் இருந்தால், பொது வழியைவிட அந்த வலைக்கான குறிப்பான வழியே வெல்லும் என்பதுதானே விதி? உங்கள் விளக்கம் பொருந்தவில்லை.

விதி சரி, ஐயா. ஆனால் அது ஒரே வழிப்பட்டியலுக்குள் மட்டும் செல்லுபடியாகும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் சிம்முக்கு ஒரு பட்டியல், வைஃபைக்கு வேறொரு பட்டியல். எந்தப் பட்டியலைத் திறப்பது என்பது முதலில் முடிவாகிறது. சிம்மின் பட்டியலில் உங்கள் சப்நெட்டே இல்லை.

அதே ஆசிரியர்: என் போனில் டேட்டா இருந்தும், இணையமில்லாத ரவுட்டர் வழியாக ஒரு செயலி கோப்பு அனுப்புகிறதே?

அச்செயலி தன் இணைப்பை வைஃபையோடு கட்டியிருக்கலாம். அவ்வாறு கேட்கச் செயலிக்கு உரிமை உண்டு. அதே ரவுட்டரில் பிரவுசரை வைத்துச் சோதித்துச் சொல்லுங்கள்.

குன்னூர்: தங்கும் விடுதியின் வைஃபையில் டேட்டாவை அணைத்தும் லேப்டாப் தெரியவில்லை. இதுவும் அதுதானா?

அல்ல. விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி தடுத்திருப்பார்கள். லேப்டாப்பின் ஃபயர்வாலையும் பாருங்கள். டேட்டாவை அணைத்தும் திறக்காவிட்டால் வழியைக் குறை சொல்ல வேண்டாம்.

கூடலூர்: டேட்டாவை அணைக்காமல் முடியாதா? மேட்டில் சிக்னல் ஒருமுறை போனால் திரும்ப வர நேரமாகிறது.

திசையை மாற்றுங்கள். போனில் கோப்புகளைப் பகிரும் எஃப்டிபி சர்வர் செயலி ஒன்றைத் திறந்து, லேப்டாப்பிலிருந்து போனின் வைஃபை முகவரியைத் தேடுங்கள். வைஃபை வழியாக வந்த அழைப்புக்குப் போன் அதே வழியில்தான் பதில் அனுப்பும். முதன்மை வழி எதுவாயினும் கவலையில்லை. போனையே ஹாட்ஸ்பாட் ஆக்கினாலும் சிக்கலில்லை, அந்த இணைப்புக்கான பட்டியலைப் போன் முன்னதாகவே பார்க்கிறது.

கோத்தகிரி, இன்னொருவர்: டேட்டாவை அணைக்காமல் வழி உண்டா?

மேலே கூடலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். “மீண்டும் கேட்காதே” என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உதகை, ஐபோன் வைத்திருப்பவர்: எனக்கும் இதே நிலைதான்.

ஐபோனில் முதலில் அமைப்புகளில், கோப்பை எடுக்க நீங்கள் பயன்படுத்தும் செயலிக்கு உள்ளூர் வலையமைப்பு அனுமதி உண்டா என்று பாருங்கள். ஐஓஎஸ் 14 முதல் அது கேட்கப்படுகிறது. மற்றதை ஐபோன் அறிந்தவரிடம் கேட்பது நல்லது.