சாதி சாத்திரத்திலேயே இருக்கிறதா?

"எங்கள் ஊர்க் கோயிலில் சில குடும்பங்களைத் தேர்வடம் தொட விடுவதில்லை. கேட்டால் சாத்திரம் என்கிறார்கள். தேவாரத்தில் இதற்கு மறுப்பு உண்டா?" (கிளிநொச்சியிலிருந்து)

உண்டு. ஆனால் முதலில், அவர்கள் சொல்வதும் முழுப்பொய் இல்லை. இருக்கு வேதத்தின் புருஷ சூக்தம் நான்கு வர்ணங்களும் புருஷனின் வாய், தோள், தொடை, பாதத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறது. அங்கே தீண்டாமை இல்லை. பிறப்பையே அளவாக வைத்துத் தொழிலையும் தண்டனையையும் பிரித்தது பிந்திய மனு நூல்.

அப்பர் சுவாமிகள் நேரே எதிர்த்தார். 'சங்கநிதி பதுமநிதி' என்று தொடங்கும் ஆறாம் திருமுறைப் பாடலை எடுத்துப் பாருங்கள். உலகையே தந்தாலும் சிவனிடம் அன்பில்லாதவர் செல்வத்தை மதியோம் என்கிறார். அப்புறம், "ஆவுரித்துத் தின்றுழலும் புலைய ரேனும்" கங்கையைச் சடையில் கரந்தவர்க்கு அன்பராகில், "அவர்கண்டீர் நாம்வணங்குங் கடவு ளாரே". 'கோயிலுக்குள் விடலாம்' என்ற அளவில் அவர் நிற்கவில்லை, வணங்குவோம் என்கிறார். நம் பக்கப் பூசைகளில் தேவாரம் நாள்தோறும் ஒலிக்கிறது. இந்தப் பாட்டை நான் கேட்டது குறைவு!

சரி, இதற்கும் எல்லை உண்டு. 'அன்பராகில்' என்பது நிபந்தனை. பக்தி இல்லாதவரின் உரிமையைப் பாட்டு பேசவில்லை. பெரியபுராணத்து நந்தனாரும் தீயில் மூழ்கி, பூணூலுடன் வேதியர் கோலத்தில் எழுந்த பிறகே தில்லைக்குள் போகிறார். அடியாரை உயர்த்திய கதை, வாசலை அப்படியே விட்டுவிட்டது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு மக்கள் போராட வேண்டி வந்ததும் அதனால்தான்.