சேனலின் ஷியர் சென்டர் ஏன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது?

கேள்வி: சி சேனலை பீமாகப் போட்டு, சுமையை வெப்புக்கு நேர் மேலே வைத்தும் முறுக்கிக்கொள்கிறது. சென்ட்ராய்டுக்கு நேராக நகர்த்தி வைத்தால் சரியாகுமா? ஷியர் சென்டர் இரும்பே இல்லாத இடத்தில் இருக்கிறது என்கிறார்கள், அது எப்படி?

பதில்:

நகர்த்தாதீர்கள், இன்னும் மோசமாகும். சென்ட்ராய்டு வெப்பின் ஒரு பக்கம், ஃபிளேஞ்சுகள் நீட்டிக்கொண்டிருக்கும் திறந்த பக்கம் இருக்கிறது. ஷியர் சென்டர் அதற்கு நேர் எதிரே, சேனலின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வெப்பிலிருந்து சென்ட்ராய்டை நோக்கிப் போகப் போக, போக வேண்டிய இடத்தைவிட்டு விலகித்தான் போகிறீர்கள்.

ஏன் பின்னால் என்று பார்க்க ஃபிளேஞ்சுக்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். பீம் வளையும்போது மேல் ஃபிளேஞ்சில் அழுத்தமும் கீழ் ஃபிளேஞ்சில் இழுவையும் உண்டாகின்றன. பெண்டிங் மொமென்ட் நீளத்தில் மாறிக்கொண்டே போவதால் இந்த அழுத்தமும் மாறுகிறது. இப்போது மேல் ஃபிளேஞ்சின் நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு கற்பனைக் கோடு போட்டு, நுனிப் பக்கத்துத் துண்டை மட்டும் தனியாகப் பாருங்கள். அதன் ஒரு முனையில் அழுத்தம் கூடுதல், மறு முனையில் குறைவு. அந்த வித்தியாசத்தை யாராவது தாங்கினால்தான் துண்டு நகராமல் இருக்கும். வெட்டிய கோட்டின் வழியாக வரும் ஷியர்தான் அதைத் தாங்குகிறது. நீளவாக்கில் ஷியர் இருந்தால் அதே அளவு ஷியர் குறுக்குவாக்கிலும் இருந்தாக வேண்டும். ஆகவே செங்குத்துச் சுமைக்கு ஃபிளேஞ்சுகளில் கிடைமட்ட ஷியர் பிறக்கிறது. நுனியில் அது பூஜ்யம். வெப்பை நெருங்க நெருங்க நேர்கோட்டில் ஏறுகிறது.

ஷியர் ஓட்டம் கீழ் ஃபிளேஞ்ச் நுனியில் தொடங்கி வெப் வழியாக ஏறி, மேல் ஃபிளேஞ்ச் நுனியில் முடிகிறது. அப்படியானால் ஒரு ஃபிளேஞ்சில் விசை வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். இரண்டும் சமம், எதிரெதிர், நடுவில் சேனலின் உயரம். அதாவது ஒரு கப்பிள். ஐ செக்‌ஷனில் வெப்பின் இருபுறமும் ஃபிளேஞ்ச் இருப்பதால் ஒரு பக்கத்துக் கப்பிளை மறுபக்கம் அடித்துவிடும். சேனலில் அடிக்க ஆளில்லை.

வெப்பில் மேல்நோக்கிய விசை, அதோடு ஒரு கப்பிள். இரண்டையும் சேர்த்து ஒரே விசையாக மாற்றினால், அந்த விசை வெப்பிலிருந்து பக்கவாட்டில் தள்ளிப் போய் நிற்கும். எவ்வளவு தள்ளி என்பது `V × e = F × h` என்ற சமன்பாட்டில் கிடைக்கிறது. V என்பது வெப்பின் விசை, e என்பது அந்தத் தள்ளிய தூரம், F என்பது ஒரு ஃபிளேஞ்சின் விசை, h என்பது ஃபிளேஞ்சுகளின் மையக்கோடுகளுக்கு இடையே உள்ள உயரம். வளைவு மட்டும் வேண்டும், முறுக்கு வேண்டாம் என்றால் வெளிச்சுமை அந்தக் கோட்டிலேயே வர வேண்டும். அந்த இடம்தான் ஷியர் சென்டர். அங்கே இரும்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது உள்விசைகளின் கூட்டு விசை கடந்துபோகும் கோடு, அவ்வளவுதான். வளையத்தின் சென்ட்ராய்டு நடு ஓட்டையில் இருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லையே.

F-ஐக் கணக்கிட்டுப் போட்டால் சூத்திரம் இப்படிச் சுருங்கும்:

```
e = 3·b²·tf / (h·tw + 6·b·tf)
```

இதில் b என்பது வெப்பின் நடுக்கோட்டிலிருந்து ஃபிளேஞ்ச் நுனி வரை; tf ஃபிளேஞ்சின் தடிமன், tw வெப்பின் தடிமன். சூத்திரத்தில் சுமையும் இல்லை, நீளமும் இல்லை. ஷியர் சென்டர் செக்‌ஷனின் வடிவத்தை மட்டும் பொறுத்தது. இன்னொன்று, e அளக்கப்படுவது வெப்பின் நடுக்கோட்டிலிருந்து. சில அட்டவணைகள் முதுகின் வெளிமுகத்திலிருந்து தருகின்றன, சில சென்ட்ராய்டிலிருந்து தருகின்றன. எதிலிருந்து என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 200 மிமீ, அகலம் 75 மிமீ, ஃபிளேஞ்ச் 11 மிமீ, வெப் 6 மிமீ. ஃபிளேஞ்ச் சாய்வில்லாமல் ஒரே தடிமன் என்று வைத்துக்கொள்வோம். b = 72, h = 189. சூத்திரத்தில் போட்டால் e = 29 மிமீ. வெப்பின் பாதித் தடிமனைக் கழித்தால், முதுகிலிருந்து 26 மிமீ வெளியே. சென்ட்ராய்டு வெப்பின் நடுக்கோட்டிலிருந்து 21 மிமீ திறந்த பக்கம். இரண்டுக்கும் இடைவெளி 50 மிமீ.

இதை 3 மீட்டர் ஸ்பானில் போட்டு, நடுவில் 10 கிலோநியூட்டன் வைப்போம். முனைகள் சுழலாமல் பிடிக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் ஃபிளேஞ்சுகள் நீளவாக்கில் நகரத் தடையில்லை. சுமை ஷியர் சென்டர் வழியாகப் போனால் நடுவில் தாழ்வு 1.6 மிமீ, பெண்டிங் ஸ்ட்ரெஸ் 43 மெகாபாஸ்கல். கவலைப்பட ஒன்றுமில்லை.

அதே சுமையை வெப்புக்கு மேல் வைத்தால் 0.29 கிலோநியூட்டன்-மீட்டர் டார்க் சேர்கிறது. நடு செக்‌ஷன் 1.3 டிகிரி சுழலும். சென்ட்ராய்டுக்கு நேராக வைத்தால் டார்க் 0.5, சுழற்சி 2.25 டிகிரி. கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 2.25 டிகிரி சுழன்றால், மேல் ஃபிளேஞ்ச் திறந்த பக்கமாக 3.7 மிமீ போகும், கீழ் ஃபிளேஞ்ச் அதே அளவு முதுகுப் பக்கம் போகும். ஃபிளேஞ்ச் நுனிகள், வளைவினால் வரும் தாழ்வுக்கு மேல், இன்னும் 4 மிமீ தாழும். சாதாரண தாழ்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! சுமை மேல் ஃபிளேஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் கூடவே நகர்ந்து, தன் விலகலைத் தானே கூட்டிக்கொள்ளும்.

ஸ்ட்ரெஸ்தான் பலர் கவனிக்காமல் விடுவது. மேல் ஃபிளேஞ்ச் ஒரு பக்கமும் கீழ் ஃபிளேஞ்ச் மறுபக்கமும் வளைவதால், ஒவ்வொரு ஃபிளேஞ்சும் படுத்துக்கிடக்கும் தனி பீம் போல வேலை செய்கிறது. இதுதான் வார்ப்பிங். சென்ட்ராய்டில் சுமை வைத்த நிலையில், வெப்பும் ஃபிளேஞ்சும் சேரும் மூலையில் 40 மெகாபாஸ்கல் இப்படிக் கூடுதலாக வருகிறது. மொத்தம் 83, கிட்டத்தட்ட இரு மடங்கு. ஃபிளேஞ்ச் நுனியில் வார்ப்பிங் 59. அது பெண்டிங்குக்கு எதிர்த்திசையில் இருப்பதால் 43-ஐ விழுங்கிவிட்டு மிச்சம் 16 எதிர்க்குறியில் நிற்கும். அதாவது கீழ் ஃபிளேஞ்சின் நுனி, இழுவையில் இருக்க வேண்டியது, அழுத்தத்தில் இருக்கும். ஸ்ட்ரெயின் கேஜை நுனியில் ஒட்டிவிட்டு ரீடிங் தலைகீழாக வருகிறதே என்று கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

சாஃப்ட்வேரில் இது எப்படித் தப்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண பீம் எலிமென்ட்டில் ஒரு நோடுக்கு ஆறு நகர்வுகள்தான். வார்ப்பிங் அதில் கிடையாது. சுமையை நோடில் கொடுத்தால், பல நிரல்களில் அது முறுக்கே இல்லாத சுமையாக எடுத்துக்கொள்ளப்படும். டார்க்கைத் தனியாகக் கொடுத்தாலும், செக்‌ஷனின் டார்ஷன் மாறிலியான ஜே-யை மட்டும் வைத்துக் கணக்கிடுவதால் இந்த உதாரணத்தில் 2.25-க்குப் பதில் 3.6 டிகிரி காட்டும். ஸ்ட்ரெஸ்ஸோ 83-க்குப் பதில் 43 என்றே நிற்கும். சுழற்சியில் அதிகம், ஸ்ட்ரெஸ்ஸில் குறைவு. இரண்டாவதுதான் ஆபத்து. சந்தேகம் இருந்தால் சேனலை ஷெல் எலிமென்ட்டில் மாடல் செய்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, இரும்பே இல்லாத இடத்தில் சுமையை எப்படி வைப்பது? வெப்பின் முதுகில் ஒரு பிராக்கெட் வெல்ட் செய்து, சுமை முதுகிலிருந்து 26 மிமீ தள்ளி இறங்கும்படி செய்யலாம். பிராக்கெட் வெப்பை ஒரு பக்கம் திருப்பும், ஃபிளேஞ்சுகளின் கப்பிள் அதே அளவு மறுபக்கம் திருப்பும். மெல்லிய வெப் மட்டும் தனியாக வளையாமல் இருக்க, சுமை இறங்கும் இடத்தில் உட்பக்கம் ஒரு ஸ்டிஃப்னர் வையுங்கள். ஆனால் உண்மையில் சுமை எப்போதும் ஒரே கோட்டில் இறங்குவதில்லை. சேனலின் சொந்த எடைகூட சென்ட்ராய்டில்தான் இழுக்கிறது. அதனால் இந்த வழி நிலையான, இடம் மாறாத சுமைக்கு மட்டும் சரி.

சுமை விழும் இடத்திலேயே பிரேசிங் கொடுத்துச் சுழல விடாமல் பிடிப்பது இன்னும் நம்பகமானது. வெப்புக்கு மேல் சுமை என்றால் 0.29 கிலோநியூட்டன்-மீட்டரை 189 மிமீ உயரத்தால் வகுங்கள்: மேல், கீழ் ஃபிளேஞ்சுகளை ஒவ்வொன்றும் 1.5 கிலோநியூட்டனுக்குப் பிடித்தால் போதும். மேல் ஃபிளேஞ்சை மட்டும் பிடித்தால் கீழ் ஃபிளேஞ்ச் முதுகுப் பக்கம் உதைத்துக்கொண்டு போகும், அதைப் பாதித் தீர்வு என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு சேனல்களை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் ஷியர் சென்டர் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் அது திறந்த செக்‌ஷன்தான். சுமை நடுவிலிருந்து விலகினால் பழையபடி முறுக்கும். சுமை எங்கே விழும் என்று உறுதியில்லாத இடத்தில் பெட்டியாக மூடிவிடுவதே என் தேர்வு. மேலே சொன்ன சேனலின் திறந்த பக்கத்தில் 6 மிமீ பிளேட்டை முழு நீளத்துக்கும் தொடர்ச்சியாக வெல்ட் செய்தால் ஜே சுமார் 125 மடங்கு கூடும். இடைவிட்டு இடைவிட்டுச் சின்னப் பட்டைகளாக வைத்தால் இந்த 125 கிடைக்காது, ஏனென்றால் ஷியர் ஓட்டம் சுற்றி வர வழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

இடத்தை நேரில் பார்க்க ஆசையிருந்தால், சேனலின் ஒரு முனையை நன்றாகப் பிடித்து கேன்டிலீவராக வைத்து, மறுமுனையில் தடித்த எண்ட் பிளேட்டும் அதன் மேல் குறுக்காக ஒரு கம்பியும் பொருத்துங்கள். கம்பியின் இரு ஓரத்திலும் டயல் கேஜ். எடையைக் கம்பியில் நகர்த்திக்கொண்டே போனால், இரண்டு கேஜும் ஒரே அளவு காட்டும் இடம் முதுகுக்குப் பின்னால்தான் வரும். கணக்குக்கும் அளவுக்கும் இரண்டொரு மிமீ வித்தியாசம் வருவது இயல்பு; மூலை வளைவுகளையும் ஃபிளேஞ்சின் சாய்வையும் மேலே உள்ள சூத்திரம் கண்டுகொள்வதில்லை.